எட்டு பைட் இடம்

பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த டி.எஸ்.எல். இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். வேகம் பத்து மடங்கு கூடியது. சித்தி யூடியூபில் சமையல் பார்த்தார், பேரன் விளையாடினான். யாருக்கும் குறை இல்லை. மூன்றாம் நாள் சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு குறை வந்தது. அவர் மாதாமாதம் திறக்கும் வங்கித் தளம் திறக்கவில்லை. முகவரியைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிழைச் செய்தியும் வருவதில்லை, பக்கமும் வருவதில்லை.

“ஏல, கூகுள் வருது, பேப்பர் எல்லாம் வருது, பேங்க் மட்டும் வரமாட்டேங்கு. என் போன்ல நெட்டைப் போட்டுத் தொறந்தா உடனே வருது. வைஃபைல போட்டா போன்லயும் வரல” என்றார் சித்தப்பா.

இணைப்பு கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்த தம்பி வேகத்தை அளந்து காட்டினார். வாங்கிய வேகம் முழுசாக வந்தது. “லைன் கிளியரா இருக்கு சார், பேங்க் சர்வர்லதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வங்கிக்குப் பேசினால் “எங்கள் தளம் வேலை செய்கிறது” என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். கோளாறு இருவருக்கும் நடுவில் இருந்தது. அதன் அளவு எட்டு பைட்.

இணையத்தில் எதை அனுப்பினாலும் அது சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் போகிறது. வீட்டில் நாம் செருகும் ஈதர்நெட் கம்பியும் வைஃபையும் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட் வரை இடம் தருகின்றன. 1980களிலிருந்து இதுதான் வழக்கம். இந்த உச்ச அளவைத்தான் எம்.டி.யு. என்கிறார்கள். லேப்டாப், போன், தூரத்தில் இருக்கும் சர்வர் எல்லாமே தங்களுக்கு 1500 உண்டு என்று நம்பிக்கொண்டுதான் வேலை செய்கின்றன.

டி.எஸ்.எல். வந்த காலத்தில், சந்தாதாரர் யார் என்று அறிய ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடும் முறை தேவைப்பட்டது. அதற்காக 1999இல் பி.பி.பி.ஓ.இ. என்ற முறை எழுதப்பட்டது. நம் ரௌட்டரின் பக்கத்தில் PPPoE என்று தெரிவது இதுதான். இது ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் எட்டு பைட் சீட்டு ஒன்றை ஒட்டுகிறது. பாக்கெட்டைச் சுமக்கும் வண்டியின் கொள்ளளவு 1500தான். சீட்டுக்கு எட்டு போனால் உள்ளே இருக்கும் சரக்குக்கு 1492தான் மிச்சம். செம்புக்கம்பி போய்க் கண்ணாடி இழை வந்த பிறகும் பல நிறுவனங்கள் அதே உள்நுழைவு முறையைத் தொடர்கின்றன. அதனால்தான் புத்தம்புது ஃபைபரிலும் இந்தப் பழைய எட்டு பைட் குறைகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்காத ஃபைபர் இணைப்புகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் 1500 முழுசாகக் கிடைக்கும், இந்தக் கோளாறும் எழாது.

வழி 1492தான் தாங்கும் என்பது தவறொன்றும் இல்லை. உலகெங்கும் எத்தனையோ வீடுகள் அப்படித்தான் இயங்குகின்றன. அந்தச் செய்தி வங்கியின் சர்வருக்குப் போய்ச் சேராததுதான் தவறு.

தாழ்வான ரயில்வே பாலத்தின் அடியில் போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே உயரத் தடுப்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். வைக்கோல் லாரி வருகிறது, பாரம் கொஞ்சம் உயரம். அங்கே நிற்கும் காவலாளி லாரியைத் தடுத்து, சரக்கு அனுப்பிய மண்டிக்கு “இந்த வழியில் இவ்வளவு உயரம்தான், குறைத்து ஏற்றி அனுப்புங்கள்” என்று கடிதம் போடுகிறார். மண்டிக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு அடுத்த லோடைத் தாழ்வாக ஏற்றி அனுப்பினால் எல்லாம் சுபம். ஆனால் மண்டியின் வாசலில் நிற்பவர் கடிதங்களை உள்ளே விடுவதே இல்லை என்றால்? மண்டிக்காரர் அதே உயரத்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார். பாலத்தில் லாரி நின்றுகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் வைக்கோலுக்குக் காத்திருப்பவருக்கு லாரியும் வராது, தகவலும் வராது.

இணையத்தில் இதே ஏற்பாட்டை 1990இல் ஜெஃப்ரி மோகல், ஸ்டீவ் டீரிங் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். அனுப்பும் இயந்திரம் தன் பாக்கெட்டில் “இதை உடைக்காதே” என்று குறியிட்டு அனுப்ப வேண்டும். வழியில் இடம் போதாவிட்டால் அங்கே இருக்கும் ரௌட்டர் பாக்கெட்டைக் கைவிட்டுவிட்டு, “இங்கே இவ்வளவுதான் போகும்” என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் ஐ.சி.எம்.பி. என்ற வகைச் செய்தியாகப் போகிறது. நாம் பிங் செய்து பார்ப்பதும் இதே வகைதான். 1990களின் பிற்பாதியில் பிங் மூலமே இயந்திரங்களை விழவைக்கும் தாக்குதல்கள் வந்தபோது, சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் பலர் ஐ.சி.எம்.பி. முழுவதையும் வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். தாக்குதலோடு சேர்த்துக் கடிதமும் நின்றுபோனது. 2000இலேயே இதைக் கருந்துளை என்று பெயரிட்டு எச்சரித்து எழுதிவிட்டார்கள். இன்றும் பாதுகாப்பு என்ற பெயரில் அப்படித் தடுத்து வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன. கடுமையான பாதுகாப்பு வைத்திருக்கும் இடங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாத் தளமும் நிற்காமல் ஒன்றிரண்டு மட்டும் ஏன் நிற்கின்றன என்பது இப்போது விளங்கும். கடிதத்தைப் படிக்கும் சர்வர் உடனே தன்னைத் திருத்திக்கொள்கிறது. சில சர்வர்கள் பதில் வராததைப் பார்த்துத் தாமாகவே சிறிய பாக்கெட்டை முயன்று பார்க்கும். அப்படிப்பட்ட தளம் சில விநாடி திணறிவிட்டு அப்புறம் திறக்கும். அதைத்தான் நாம் ‘ஸ்லோ’ என்கிறோம். யூடியூப் போன்றவை பெரும்பாலும் குயிக் என்ற புதிய முறையில் ஓடுகின்றன. அது 1200 பைட் அளவில் பேச்சைத் தொடங்கும், அதற்குமேல் போவதானால் வழியைச் சோதித்துப் பார்த்துத்தான் போகும். அதனால் சித்திக்குச் சமையல் தடையில்லாமல் ஓடியது.

வங்கித் தளம் நின்ற இடத்தையும் கண்ணால் பார்க்கலாம். சித்தப்பாவின் லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸ் இருந்தது. பக்கம் சுற்றும்போது கீழே இடது மூலையில் TLS handshake என்ற வார்த்தைகளோடு ஒரு வரி வந்து, அங்கேயே நின்றது. இணைப்புக்கான முதல் வணக்கம் போய்வருவதெல்லாம் சின்னப் பாக்கெட்டுகள், அவை எட்டு பைட் குறைந்த வழியில் தாராளமாகப் போகும். அடுத்ததாக சர்வர் தன் சான்றிதழை அனுப்ப வேண்டும். அது சில ஆயிரம் பைட் இருக்கும். ஆகவே முதல்முறையாக 1500 நிறைந்த பாக்கெட்டுகள் நம் பக்கம் கிளம்புகின்றன. நிறுவனத்தின் நிலையத்தில், நம் வீட்டுக்கான பி.பி.பி.ஓ.இ. வழி தொடங்கும் இடத்தில் அவை கைவிடப்படுகின்றன. கடிதம் போகிறது, வாசலில் தடுக்கப்படுகிறது. சர்வர் மீண்டும் அதே பாக்கெட்டை அனுப்புகிறது. தளம் அறவே கிடைக்காவிட்டால் வேறு பிழை வந்திருக்கும். கைகொடுத்த பிறகு பேச்சு நின்றுபோவதுதான் இந்தக் கோளாறின் முகம்.

வழியின் அளவைப் பார்க்க விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டினேன்:

```
ping -f -l 1472 1.1.1.1
```

இதில் `-f` என்றால் உடைக்காதே. 1472 என்பது உள்ளே வைக்கும் சரக்கு. அதற்குமேல் தலைப்புகளுக்கு 28 பைட் சேர்ந்தால் 1500. சித்தப்பா வீட்டில் வந்த பதில்: `Packet needs to be fragmented but DF set.` பிறகு 1464 போட்டேன். நான்கு பதிலும் ஒழுங்காக வந்தன. 1465 போட்டால் மறுபடி மறுப்பு. 1464உடன் 28ஐக் கூட்டினால் 1492. கணக்கு எட்டு பைட்டோடு சரியாகப் பொருந்தியது. லினக்ஸில் இதே சோதனையை `ping -M do -s 1472 1.1.1.1` என்றும், மேக்கில் `ping -D -s 1472 1.1.1.1` என்றும் தட்ட வேண்டும்.

பலர் இந்த இடத்தோடு நின்று, 1492 வந்தது, இதுதான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசரம். பி.பி.பி.ஓ.இ. இணைப்பு எதில் பார்த்தாலும் பெரும்பாலும் இந்த எண்தான் வரும், நன்றாக இயங்கும் வீட்டிலும் வரும். வழியின் அளவு தெரிந்தது, அவ்வளவுதான். நின்றுபோன தளத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் அளவைத் தற்காலிகமாகக் குறைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து,

```
netsh interface ipv4 show subinterfaces
netsh interface ipv4 set subinterface "Wi-Fi" mtu=1492 store=active
```

முதல் வரி இப்போதுள்ள அளவையும் இணைப்பின் பெயரையும் காட்டும். அங்கே என்ன பெயர் இருக்கிறதோ அதையே இரண்டாம் வரியில் போட வேண்டும். `store=active` என்று போட்டால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ததும் பழைய அளவு திரும்பிவிடும், ஆகவே பயமில்லை. பிரவுசரை முழுவதுமாக மூடித் திறந்து வங்கி முகவரியைத் தட்டினேன். பக்கம் உடனே வந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள அளவை 1500க்கு மாற்றி மறுபடி மூடித் திறந்தேன். மறுபடி வட்டம். இப்போதுதான் காரணம் இதுவே என்று சொல்ல முடிந்தது.

வங்கியிலிருந்து வரும் பாக்கெட்தானே பெரிதாக இருக்கிறது, நம் லேப்டாப்பில் அளவைக் குறைத்தால் வங்கி ஏன் கேட்க வேண்டும்? அளவு எண்ணை மாற்றுவது ஏன் பலிக்கிறது என்பதன் விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே நம் லேப்டாப் “எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு சரக்குக்குமேல் அனுப்பாதே” என்று ஒரு எண்ணைச் சொல்கிறது. அதன் பெயர் எம்.எஸ்.எஸ். நம் அளவு 1500 என்றால், தலைப்புகளுக்கு 40 போக 1460 என்று சொல்லும். 1492 என்றால் 1452 என்று சொல்லும். சர்வர் அதற்குமேல் ஏற்றாது. கடிதம் போட வேண்டிய அவசியமே வராமல், மண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே உயரத்தையும் சொல்லிவிட்டோம்.

வீட்டில் இருக்கும் எல்லாப் போனிலும் லேப்டாப்பிலும் இதைச் செய்துகொண்டிருக்க முடியாது. ரௌட்டர் ஒரு வேலை செய்தால் போதும். உள்ளிருந்து வெளியே போகும் முதல் பாக்கெட்டில் 1460 என்று எழுதியிருந்தால் அதை அழித்து 1452 என்று எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு எம்.எஸ்.எஸ். கிளாம்பிங் என்று பெயர். சித்தப்பா வீட்டுப் பழைய டி.எஸ்.எல். மோடம் யாரும் கேட்காமலே இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஃபைபரோடு வந்த புதுப் பெட்டி செய்யவில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் MTU என்ற இடத்தில் 1492 என்று சரியாகவே இருந்தது. அந்த எண் சரியாக இருந்தும் தளம் நின்றது. பெட்டி தன் அளவைத் தெரிந்து வைத்திருப்பது ஒன்று, அதை வங்கிக்குச் சொல்வது வேறொன்று. அமைப்பில் 1492 எழுதியும் சரியாகவில்லையே என்று குழம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. சில பெட்டிகளில் MSS Clamping என்று தனியாக ஒரு தெரிவு இருக்கும். அது இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இந்தப் பெட்டியில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை, பாதிப் பக்கங்கள் பூட்டியும் இருந்தன.

நல்லவேளையாக, மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று சித்தப்பா சொந்தமாக ஒரு ரௌட்டர் வாங்கி அந்தப் பெட்டியின் பின்னால் மாட்டியிருந்தார். அதன் இணைய இணைப்புப் பக்கத்தில் Dynamic IP என்றும் MTU 1500 என்றும் இருந்தது. அந்த ரௌட்டருக்கு முன்னால் இருக்கும் பெட்டி எப்படிப் பேசுகிறது என்பது தெரியாது, ஆகவே அது 1500 என்று நினைத்ததில் தப்பில்லை. அங்கே 1492 என்று மாற்றிச் சேமித்தேன். பல வீட்டு ரௌட்டர்கள் போல அதுவும் தன் அளவுக்கு ஏற்ப எம்.எஸ்.எஸ். எண்ணைத் திருத்தி அனுப்பும் வகை. லேப்டாப் 1500க்கே திரும்பியிருந்தும் வங்கி திறந்தது. சித்தப்பாவின் போனிலும் திறந்தது. நிறுவனப் பெட்டியின் சொந்த வைஃபையில் சேர்ந்து பார்த்தால் மட்டும் பழையபடி நின்றது. அந்த வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொந்த ரௌட்டரிலேயே சேர்த்தோம்.

சித்தப்பா கேட்டார்: “அப்போ இன்னும் கொறைச்சா இன்னும் வேகமா வருமோ?”

வராது. வழிக்கு ஏற்ற அளவு என்பதுதான் விஷயம், சிறியது வேகம் என்பதல்ல. 1492இல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 40 பைட் தலைப்பு போக நூற்றுக்கு 97 பங்கு சரக்கு. 1400க்கு இறக்கினாலும் ஏறக்குறைய அதேதான். சிலர் பழைய குறிப்பு எதையோ பார்த்து 576 போடுகிறார்கள். அப்போது சரக்கு நூற்றுக்கு 93ஆகக் குறைகிறது, பாக்கெட் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கும் மேல் கூடுகிறது, சின்ன ரௌட்டர் அதைத் தள்ளியே களைத்துவிடும். 1280க்குக் கீழே போகவே கூடாது. ஐ.பி.வி.6 எனும் புதிய முகவரி முறை எந்த வழியிலும் குறைந்தது 1280 வேண்டும் என்று விதித்திருக்கிறது, அதற்குக் கீழே அது இயங்காது.

ஐ.பி.வி.6 இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே தட்டிய கட்டளைகள் ஐ.பி.வி.4க்கு மட்டுமே. நின்றுபோகும் தளம் ஐ.பி.வி.6 வழியாக வருவதானால், எவ்வளவு மாற்றினாலும் பலன் தெரியாது. ரௌட்டரில் ஐ.பி.வி.6ஐச் சற்று நேரம் அணைத்துப் பார்த்தால் தளம் திறக்கிறதா என்று கவனிக்க வேண்டும். திறந்தால் அந்த வழிக்கும் அளவு சொல்லப்பட வேண்டும். அதன் தலைப்பு பெரிது என்பதால் 1492க்கு அங்கே எம்.எஸ்.எஸ். 1432.

1492 என்பது எல்லா இடத்துக்கும் பொது எண்ணும் அல்ல. நிறுவனம் நம் பாக்கெட்டை இன்னொரு சுரங்க வழிக்குள் போட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் குறையும். ஜப்பானில் என்.டி.டி. நிறுவனத்தின் ஃபிளெட்ஸ் இணைப்பில் 1454 என்பது பெயர்பெற்ற எண். ஆகவே 1464க்கும் பிங் போகவில்லை என்றால் 1452, 1440, 1424 என்று இறங்கிப் பார்க்க வேண்டும். போகும் எண்ணில் மிகப் பெரியதைப் பிடித்து 28ஐக் கூட்ட வேண்டும். அலுவலக வி.பி.என். வைத்திருப்பவர்களுக்கு அதற்குள் இன்னொரு குறைப்பு இருக்கிறது. வயர்கார்டு வி.பி.என். வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். 1500 வழிக்குப் போட்ட கணக்கு அது. நம் வழி 1492 என்றால் அதையும் 1412 ஆக்க வேண்டும். வி.பி.என். சேர்கிறது, மின்னஞ்சல் பட்டியல் வருகிறது, இணைப்புக் கோப்பு மட்டும் இறங்க மறுக்கிறது என்றால் அங்கே பார்க்கலாம்.

இன்னொரு அடையாளமும் சொல்ல வேண்டும். 1472 போட்ட பிங்குக்கு `Packet needs to be fragmented` என்று பதில் வந்தால், குறைந்தபட்சம் நம் பக்கக் காவலாளி கடிதம் போடுகிறார் என்று பொருள். அதற்குப் பதில் `Request timed out` என்று வந்து, 1464க்கு மட்டும் பதில் வந்தால், கடிதமே போடாமல் பாக்கெட்டை விழுங்கும் இடம் நம் வழியிலேயே இருக்கிறது. அப்போது பதிவிறக்கத்தோடு பதிவேற்றமும் அடிபடும். மின்னஞ்சலில் படம் இணைத்தால் நகராது, படிவம் அனுப்பினால் சுற்றும். அந்த வீட்டில் ஒரு கருவியில் மட்டும் தனியாகத் திருத்தினால் அந்தக் கருவிக்கு மட்டுமே பலன் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ரௌட்டரிலேயே எண்ணைச் சரியாக்குவதுதான் நல்ல வழி.

எல்லாத் தளமும் ஒரேமாதிரி மெதுவாக இருந்தால், மாலை ஏழு மணிக்கு மட்டும் மெதுவாக இருந்தால், பிங்கில் சின்னப் பாக்கெட்டுகளே தொலைந்தால், இந்த எண்ணில் கைவைக்க வேண்டாம். அது நெரிசலாகவோ, வைஃபை எட்டாததாகவோ, வளைந்த இழையாகவோ இருக்கும். சின்னது போகிறது, பெரியது நிற்கிறது. சில தளங்கள் மட்டும். அதே தளம் மொபைல் நெட்டில் உடனே வருகிறது. பெட்டி மாற்றிய நாளிலிருந்து. இந்த நான்கும் சேர்ந்திருந்தால்தான் எம்.டி.யு.வைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அந்த நிறுவனத்துத் தம்பியைச் சித்தப்பா வீட்டிலேயே சந்தித்தேன். பிங் வந்த இரண்டு வரிகளையும், அளவை மாற்றினால் தளம் திறப்பதையும், திருப்பினால் நிற்பதையும் அவர் எதிரிலேயே செய்து காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டார். இந்தத் தெருவில் இதே பெட்டி இன்னும் பதினோரு வீட்டில் இருக்கிறது என்றும், அதில் இரண்டு வீட்டில் ஏதோ ஒரு தளம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டு, அந்த இரண்டு வீட்டுக்கும் அப்போதே கிளம்பினார்.